‘கொஞ்சம் லேட் ஆகும் சார்’ என்றால் எந்தத் தேதி?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. 1,200 கிலோ துணியை நேவி ப்ளூ சாயம் போடக் கொடுத்திருக்கிறது. 10ஆம் தேதி கைக்கு வர வேண்டும். 8ஆம் தேதி பட்டறையிலிருந்து வாட்ஸ்அப் வருகிறது: ‘பாய்லர் ரிப்பேர் சார், டெலிவரி கொஞ்சம் லேட் ஆகும், அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க.’

இதற்கு நம்மில் பலர் போடும் பதில் ‘சரி, சீக்கிரம் பாருங்க’. இந்த ஒரு வரி போதும், 10ஆம் தேதி என்ற பேச்சு கரைந்துபோக. புதுத் தேதியும் கிடைக்கவில்லை, பழைய தேதியையும் நாமே விட்டுக்கொடுத்தாயிற்று. கோபமாக நாலு வார்த்தை கேட்டாலும் பலன் அதேதான். பாய்லர் திட்டுக்குச் சூடாகாது.

பதில் எழுதும் முன் ஒரு கணக்கு. கண்டெய்னர் 26ஆம் தேதி கிளம்ப வேண்டும். கட்டிங், தையல், செக்கிங், அயர்ன், பேக்கிங் எல்லாம் சேர்த்து 12 நாள் என்றால், துணி உள்ளே வரக் கடைசி நாள் 14. இந்தத் தேதி தெரியாமல் ‘எப்போ தருவீங்க’ என்று கேட்டால், அவர் சொல்லும் தேதி நமக்கு ஆகுமா ஆகாதா என்பதே தெரியாது. இன்னொன்றையும் பார்த்துவிட வேண்டும்: கலர் சாம்பிளுக்கு ஓகே சொல்ல நாமே இழுத்தடித்தோமா, முன்பணம் பாக்கியா? அப்படியானால் அதை முதலில் முடித்துவிட்டு எழுதுவது நல்லது. இல்லாவிட்டால் அவர் பதிலின் முதல் வரியே அதுதான்.

பிறகு இப்படி எழுதலாம்:

‘பாய்லர் பழுதை முன்கூட்டியே சொன்னதற்கு நன்றி. ஆர்டர்படி 1,200 கிலோவும் 10ஆம் தேதி வர வேண்டியது. அந்தத் தேதியை நாங்கள் மாற்றவில்லை. எங்கள் ஷிப்மென்ட்டுக்கு 14ஆம் தேதிக்குள் துணி எங்கள் கேட்டில் இறங்கியாக வேண்டும். துணி இப்போது எந்த நிலையில் இருக்கிறது, எத்தனை கிலோ என்றைக்கு வரும் என்பதை நாளை மாலை 5 மணிக்குள் மெயிலில் உறுதி செய்யுங்கள். தாமதத்தால் வரும் இழப்பைக் கோரும் உரிமையை விட்டுக்கொடுக்காமல் இதைக் கேட்கிறோம்.’

கடைசி வரி மிரட்டல் போலத் தோன்றலாம். அது அங்கே இருக்கக் காரணம் 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 55. காலம்தான் முக்கியம் என்று பேசிய ஒப்பந்தத்தில், தாமதமாக வந்த சரக்கை வேறொரு நாளில் வாங்கிக்கொள்ளச் சம்மதித்துவிட்டால், அந்தத் தாமதத்துக்கு இழப்பீடு கேட்க முடியாது. ஏற்கும்போதே ‘கேட்பேன்’ என்று அறிவித்திருந்தால் மட்டுமே முடியும். வழக்குக்கு யாரும் போகப்போவதில்லை என்றாலும், பில்லில் கழிவு பேசும்போது இந்த வரிதான் கையில் நிற்கும்.

பதில் வருகிறது: ‘இந்த வாரக் கடைசிக்குள்ள அனுப்பிடுறோம்.’ இதை உறுதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வாரக் கடைசி வெள்ளியா, சனியா? ‘அனுப்பிடுறோம்’ என்றால் பட்டறையில் வண்டி ஏறும் நாளா, நம் கேட்டில் இறங்கும் நாளா? மறுபடி கேட்க வேண்டும். போனில் சொன்னால், போனை வைத்த கையோடு ‘நீங்கள் சொன்னபடி 13ஆம் தேதி, 600 கிலோ, எங்கள் கேட்டில்’ என்று மெயில் போட்டு, ‘சரி’ என்று பதில் வாங்க வேண்டும். அதுவும் தேதி சொல்ல அதிகாரம் உள்ளவரிடமிருந்து. சூப்பர்வைசர் நல்ல மனதோடு சொல்லும் தேதிக்கு முதலாளி பொறுப்பேற்க மாட்டார்.

துணியின் நிலையைக் கேட்பது தேதியைச் சோதிக்கத்தான். சாயம் முடிந்து காம்பாக்டிங் மட்டும் பாக்கி என்றால் 13ஆம் தேதியை நம்பலாம். துணி இன்னும் மெஷினிலேயே ஏறவில்லை, பாய்லர் மெக்கானிக்கும் வரவில்லை என்றால், 13 என்பது நம் வாயை அடைக்கச் சொன்ன தேதி. அழுத்திக் கேட்டால் யாரும் ஒரு தேதி தருவார்கள். அதைவிட, ‘16தான் முடியும்’ என்ற உண்மை நல்லது. பாதித் துணியை வேறு பட்டறைக்கு மாற்றவோ, வாங்குபவரிடம் இப்போதே பேசவோ நேரம் இருக்கும்.

பாதிப் பாதியாக வாங்குவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. ஒவ்வொரு லாட்டிலும் ஷேடு சற்றே மாறும். உடல், கை, காலர் ரிப் மூன்றும் ஒரே லாட்டில் வராவிட்டால் வந்த துணியை வெட்ட முடியாது. அதனால் ‘600 கிலோ, ரிப்புடன், முழு லாட்டாக’ என்று எழுதி வாங்குங்கள்.

துணி 15ஆம் தேதி வந்து சேர்ந்தால், டி.சி.யில் வெறும் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடக் கூடாது. இறங்கிய தேதி, நேரம், எடை, அதன் கீழே ‘தாமத இழப்பைக் கோரும் உரிமையுடன் பெறப்பட்டது’ என்று எழுதி, வண்டிக்காரர் கையெழுத்தையும் வாங்கிப் போட்டோ எடுத்து, அன்றே பட்டறைக்கு மெயிலில் அனுப்பிவிடுங்கள்.