என்.டி.ஏ.வை உங்கள் வார்த்தைகளில் எழுதிப் பாருங்கள்

கோவையில் எட்டுப் பேர் வேலை செய்யும் ஒரு லேத் பட்டறையை எடுத்துக்கொள்வோம். புதிய பம்ப் ஷாஃப்டுக்கு வரைபடம் தரும் முன், கம்பெனி ஒரு ரகசியக் காப்பு ஒப்பந்தத்தை அனுப்புகிறது. ஆர்டர் கைநழுவிவிடுமோ என்ற பயத்தில் படிக்காமலே கையெழுத்துப் போடுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. அதற்கு முன் ஒவ்வொரு கடமையையும் யார், எதை, எப்போது செய்ய வேண்டும் என்று சொந்த வார்த்தைகளில் எழுதிப் பார்க்க வேண்டும்.

'பெறுபவர் ரகசியத் தகவலை எந்த மூன்றாம் நபருக்கும் வெளிப்படுத்தலாகாது' என்று ஒரு ஷரத்து இருக்கும். அதை இப்படி எழுதலாம்: 'கம்பெனி தரும் வரைபடம், அளவு, விலை எதையும் என் பட்டறைக்கு வெளியே யாருக்கும் காட்ட மாட்டேன்.' எழுதியவுடனே சிக்கல் தெரிந்துவிடும். ஷாஃப்டின் குரோம் பிளேட்டிங் வெளியே நடக்கிறது. அளவைச் சொல்லாமல் பிளேட்டிங் போட முடியாது. அப்படியே கையெழுத்திட்டால் முதல் லோடு வெளியே போகும்போதே ஒப்பந்தம் மீறப்பட்டுவிடும். ஆகவே திருத்தம் கேளுங்கள்: 'பிளேட்டிங் செய்பவருக்குத் தேவையான அளவை மட்டும் தருவேன். அவரிடமும் இதே உறுதியை எழுதி வாங்குவேன். அவர் தவறினால் நான் பொறுப்பு.' கடைசி வாக்கியம் கனமானது. ஆனால், கம்பெனி சம்மதிப்பதே அதனால்தான்.

அடுத்து, வேலை முடிந்ததும் 'அனைத்து ஆவணங்களையும் பிரதிகளையும்' திருப்பித் தரும் கடமை. இது சூப்பர்வைசரின் வாட்ஸ்அப்பில் உள்ள வரைபடத்தையும் சேர்க்கும். ஆனால் பில்களைக் கொடுத்துவிட முடியாது, ஜி.எஸ்.டி. சட்டப்படி ஆண்டுக் கணக்குத் தாக்கலுக்கான கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளை வைத்திருக்க வேண்டும். எனவே இப்படி எழுதிக் கேளுங்கள்: 'வேலை முடிந்த 30 நாளில் வரைபடங்களைத் திருப்பித் தருவேன், போன்களிலிருந்தும் அழிப்பேன், சட்டம் கேட்கும் கணக்குகளை மட்டும் வைத்துக்கொள்வேன்.'

எளிமையாக்கும்போது விதிவிலக்குகளை விட்டுவிடக் கூடாது. ஊரறிந்த தகவல், நீங்கள் ஏற்கெனவே அறிந்திருந்தது, நீதிமன்றம் கேட்டால் தர வேண்டியது ஆகியவை பொதுவாக விலக்கப்படும். இருபது ஆண்டுகளாக ஷாஃப்ட் கடைந்து கற்ற உங்கள் கைப்பக்குவம் அந்த இரண்டாவது வகையில்தான் காப்பாற்றப்படுகிறது. அது இல்லையென்றால் சேர்க்கச் சொல்லுங்கள்.

மீறினால் பத்து லட்சம் என்று போட்டிருந்தால், அந்தத் தொகை முழுவதும் தானாக வந்துவிடாது. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 74-இன்படி அது உச்சவரம்பு. அதற்குள் நியாயமான இழப்பீட்டையே நீதிமன்றம் தரும்.

நீங்கள் எழுதிய தமிழ்ப் பக்கம் உங்களுக்குப் புரிவதற்கு மட்டுமே. உங்களைக் கட்டுப்படுத்துவது கையெழுத்தான ஒப்பந்தம். கேட்ட திருத்தங்கள் அதற்குள் ஏறியிருக்கின்றனவா என்று பார்த்த பிறகே பேனாவை எடுங்கள்.