வராத பதிலுக்காகக் காத்திருக்கும் தானியங்கி

ஒரு கணினி இன்னொன்றுக்குச் செய்தி அனுப்புகிறது. வழியில் செய்தி தொலையலாம். சேர்ந்துவிட்டது என்று திரும்பி வரும் ஒப்புகையும் தொலையலாம். ஒப்புகை வரும்வரை அனுப்பிய கணினி அதே செய்தியைத் திரும்பத் திரும்ப அனுப்பும். நெறிமுறை இவ்வளவுதான். பார்ட்லெட், ஸ்கேன்டில்பரி, வில்கின்சன் ஆகிய மூவர் 1969-இல் வெளியிட்ட மாறும் பிட் நெறிமுறையின் எலும்புக்கூடு இது. புதுச் செய்தியையும் பழைய நகலையும் பிரித்தறிய அவர்கள் சேர்த்த ஒற்றை பிட்டை இங்கே விட்டுவிடுகிறேன்.

இதற்கு நான்கு நிலைகள் போதும். 0 ஓய்வு, 1 செய்தி வழியில் இருக்கிறது, 2 செய்தி சேர்ந்து ஒப்புகை கிளம்பிவிட்டது, 3 ஒப்புகை கிடைத்துவிட்டது. 1-இல் செய்தி தொலைந்தால் மறுபடி 1. 2-இல் ஒப்புகை தொலைந்தாலும் மறுபடி 1. 3-லிருந்து 0, அங்கிருந்து அடுத்த செய்திக்காக 1. நிலை 1-ஐ s என்றும், 2-ஐ r என்றும், 3-ஐ a என்றும் குறிப்போம்.

நமக்கு வேண்டிய உறுதி: செய்தி அனுப்பினால் என்றாவது ஒப்புகை வரும். இந்த ‘என்றாவது’தான் வம்பு. ஒரு மணி நேரம் காத்திருந்தும் வரவில்லையா? அடுத்த நிமிடம் வரலாம். எவ்வளவு நேரம் பார்த்தாலும் வாக்கு பொய்த்தது என்று சொல்லமுடியாது. முடிவே இல்லாத ஓட்டம் ஒன்றுதான் அதைப் பொய்யாக்கும்.

இப்படிப்பட்ட வாக்குகளை எழுத, கால தர்க்கத்தை நிரல்களுக்குக் கொண்டுவந்தவர் அமீர் நுயேலி, ஆண்டு 1977. ‘எப்போதும்’ என்பதை `[]` என்றும், ‘என்றாவது’ என்பதை `<>` என்றும் தட்டச்சு செய்தால், நம் வாக்கு `[](s -> <>a)`. அதற்கு முன்பே, நிரல் சோதனை என்ற நினைப்பே இல்லாமல், தர்க்கவியலாளர் புஹி முடிவிலாச் சரங்களைப் படிக்கும் தானியங்கியை உருவாக்கியிருந்தார். கடைசி எழுத்து என்று ஒன்று இல்லாததால், எந்த நிலையில் முடிந்தது என்று கேட்க வழியில்லை. அதனால் அவர் வைத்த விதி: ஏற்பு நிலையை எண்ணற்ற முறை தொட்டால் சரம் ஏற்கப்படும்.

1986-இல் வார்டியும் வோல்ப்பரும் இரண்டையும் இணைத்தார்கள். அதில் என்னைக் கவர்ந்தது ஒரு சின்ன ஆச்சரியக்குறி. வாக்கை அல்ல, அதன் மறுப்பைத் தானியங்கியாக்குகிறார்கள். தானியங்கியைக் கட்டியபிறகு தலைகீழாக்குவது மிகச் செலவான வேலை. சூத்திரத்தின் முன் `!` போடுவதற்குச் செலவே இல்லை. மறுப்பு சொல்வது இது: என்றாவது ஒரு s வரும், அதன்பின் a வரவே வராது. ஸ்பின் என்ற கருவியின் மொழியில்:

```
never { /* !([](s -> <>a)) */
T0:
  do
  :: (s && !a) -> goto accept_B
  :: (1) -> goto T0
  od;
accept_B:
  do
  :: (!a) -> goto accept_B
  od;
}
```

T0-இல் தானியங்கி சும்மா வேடிக்கை பார்க்கிறது. ஏதோ ஒரு s-ஐக் கண்டதும், ‘இதற்குத்தான் பதில் வராது’ என்று ஊகித்து B-க்குத் தாவுகிறது. பிறகு a வந்துவிட்டால் அந்த ஊகம் செத்தது. B-இலிருந்து நகர வழியில்லை. ஊகிக்காமல் இந்த வேலையைச் செய்யும் புஹி தானியங்கியே கிடையாது.

இப்போது நெறிமுறையையும் தானியங்கியையும் கைகோத்து நடக்கவிடுவோம். (0,T0)-இல் தொடங்கி (1,T0). அங்கே s உண்மை, B-க்குத் தாவலாம். செய்தி தொலைந்தால் (1,B). மறுபடி தொலைந்தால் மறுபடி (1,B). ஏற்பு நிலை வழியாக ஒரு வளையம் அகப்பட்டுவிட்டது. முடிவிலா ஓட்டத்தைத் தேடும் வேலை, நான்கைந்து கட்டங்களுக்குள் வளையம் தேடும் வேலையாகிவிட்டது.

தொலைந்துகொண்டே இருக்கும் கம்பியைக் குறைகூறி என்ன பயன்? ‘ஓயாமல் அனுப்பினால் சில செய்திகளாவது சேரும்’ என்ற நிபந்தனையைச் சேர்க்கிறோம்: `[]<>s -> []<>r`. கருவி விடவில்லை, வேறொரு வளையத்தைக் காட்டுகிறது: 1, 2, 1, 2. செய்தி ஒவ்வொரு தடவையும் சேர்கிறது, ஒப்புகை ஒவ்வொரு தடவையும் தொலைகிறது! திரும்பும் வழிக்கும் `[]<>r -> []<>a` என்று சேர்த்தால்தான் வளையங்கள் ஒழியும்.

ஆனால் இந்த இரண்டாவது நிபந்தனை, நிரூபிக்க வந்த வாக்கைக் கிட்டத்தட்டத் தானே சொல்லிவிடுகிறது. நிபந்தனைகளை அடுக்க அடுக்க, அவற்றுக்கு ஒத்துவரும் ஓட்டமே இல்லாமல் போய், எதை வேண்டுமானாலும் ‘பிழையில்லை’ என்று கருவி சொல்லும் ஆபத்தும் உண்டு. அதைக் கண்டுபிடிக்க, அதே நிபந்தனைகளோடு `[]!s` என்ற பொய்யான வாக்கைக் கொடுத்துப் பார்க்கலாம். நம் நெறிமுறையில் 0-லிருந்து 1-க்குப் போகும் ஓட்டத்தைக் காட்டிக் கருவி அதை மறுக்கவேண்டும். மறுக்காமல் தேர்ச்சி கொடுத்தால், முந்தைய தேர்ச்சியையும் நம்பக்கூடாது.