பத்திரத்தில் பிழை: திருத்தும் வழி

பதிவு செய்யப்பட்ட ஒரு பத்திரத்தில் ஓர் எழுத்தைக்கூட யாரும் அடித்துத் திருத்த முடியாது. எழுதிக்கொடுத்தவர், எழுதிப்பெற்றவர், பத்திர எழுத்தர், சார்பதிவாளர் ஆகிய எவருக்கும் அந்த உரிமை இல்லை. பதிவு முடிந்த கணத்திலேயே பத்திரத்தின் நகல் சார்பதிவாளர் அலுவலகத்தின் 1 புத்தகத்தில் நிரந்தரமாக ஏறிவிடுகிறது. அசல் பத்திரத்தில் பேனாவால் எண்ணை மாற்றினால் நகலோடு அது ஒத்துப்போகாது. அசலின் நம்பகத்தன்மையும் போய்விடும். ஆகவே ஒரு பத்திரத்தின் பிழையை இன்னொரு பதிவான பத்திரத்தால்தான் திருத்த முடியும். தமிழ்நாட்டில் இதைப் பிழைத்திருத்தல் பத்திரம் என்கிறார்கள்.

ஆனால் எல்லாப் பிழைக்கும் இந்தப் பத்திரம் தேவைப்படாது. முதலில் பார்க்க வேண்டியது பிழை எந்தக் காகிதத்தில் இருக்கிறது என்பதைத்தான். பத்திரத்தில் எண் சரியாக இருந்து வில்லங்கச் சான்றில் மட்டும் தவறாக வந்தால், அது பதிவு அலுவலகத்தின் அட்டவணையில் விவரம் ஏற்றியபோது நேர்ந்த தவறு. பத்திர நகலோடு சார்பதிவாளரிடம் விண்ணப்பித்தால் அட்டவணையைத் திருத்திவிடுவார்கள். பத்திரம் சரியாக இருந்து பட்டாவில் மட்டும் தவறு என்றால் அது வருவாய்த் துறையின் வேலை. வட்டாட்சியரிடம் போக வேண்டும். பத்திரத்தின் வாசகத்திலேயே பிழை இருந்தால் மட்டும் பிழைத்திருத்தல் பத்திரம் எழுத வேண்டியிருக்கும். இதைப் பிரித்துப் பார்க்காமல் விற்றவரைத் தேடி அலைந்து, செலவு செய்து, கடைசியில் தவறு கணினி அட்டவணையில்தான் என்று தெரிந்துகொள்பவர்கள் உண்டு.

பிழைகளிலேயே ஆபத்தானது சர்வே எண் பிழை. வில்லங்கச் சான்று எப்படித் தயாராகிறது என்று தெரிந்தால் இதன் காரணம் புரியும். பதிவாகும் ஒவ்வொரு ஆவணத்தையும் ஆட்களின் பெயர் வாரியாக ஓர் அட்டவணையிலும், சொத்து வாரியாக இன்னோர் அட்டவணையிலும் ஏற்றுகிறார்கள். வில்லங்கம் தேடும்போது கிராமத்தையும் சர்வே எண்ணையும் கொடுத்துச் சொத்து அட்டவணையில் தேடுகிறார்கள். பத்திரத்தில் எண் தவறினால் அந்தக் கிரையம் வேறொரு நிலத்தின் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஓர் எடுத்துக்காட்டு. ஒருவர் ஒரு கிராமத்தில் சர்வே எண் 112/3-இல் உள்ள நிலத்தை வாங்குகிறார். பத்திரத்தில் எண்கள் இடம் மாறி 121/3 என்று அச்சாகிறது. நிலத்தைக் காட்டியவர், வாங்கியவர், சாட்சிகள் எல்லோருக்கும் எந்த நிலம் என்று தெரியும். செக்குபந்தி எனப்படும் நான்கு எல்லைகளும் சரியாகவே எழுதப்பட்டிருக்கின்றன. வாங்கியவர் வேலி போட்டு அனுபவித்தும் வருகிறார். சில ஆண்டுகள் கழித்து வீடு கட்டக் கடன் கேட்கும்போது வங்கியின் வழக்கறிஞர் 112/3-க்கு வில்லங்கம் போடுகிறார். அதில் இந்தக் கிரையமே இல்லை. வருவாய்த் துறைக் கணக்கிலும் 112/3 இன்னும் விற்றவர் பெயரில்தான் இருக்கிறது. இன்னொரு பக்கம் 121/3-இன் உண்மையான சொந்தக்காரர் தம் நிலத்துக்கு வில்லங்கம் போட்டால், தாம் அறியாத ஒரு கிரையம் அதில் நிற்கும். ஓர் எண் மாறியதில் இரண்டு குடும்பங்களின் சொத்துக் கணக்கு குழம்பிப்போகிறது.

இதனால் வாங்கியவரின் உரிமையே போய்விட்டது என்று பயப்பட வேண்டியதில்லை. எல்லைகள் ஐயத்துக்கு இடமின்றி ஒரு நிலத்தைக் காட்டும்போது எண் பிழை வெறும் விவரப் பிழையாகவே கருதப்படும். 1960களின் தொடக்கத்தில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஷியோத்யான் சிங் வழக்கு இதற்கு நல்ல சான்று. ஏல விற்பனைச் சான்றில் 1060 என்ற மனை எண் 160 என்று இருந்தது. மற்ற விவரங்கள் நிலத்தைத் தெளிவாக அடையாளம் காட்டியதால் விற்பனை செல்லும் என்று நீதிமன்றம் சொன்னது. ஆனால் நீதிமன்றத்தில் வெல்லக்கூடிய உரிமை வேறு, வங்கியும் அடுத்து வாங்க வருபவரும் ஏற்கும் ஆவணம் வேறு. அதோடு, விற்றவரோ அவருடைய வாரிசுகளோ 112/3-ஐ இன்னொருவருக்கு விற்றால், வில்லங்கம் பார்த்து நல்லெண்ணத்தோடு பணம் கொடுத்து வாங்கியவரின் உரிமை குறுக்கே வந்து நிற்கும். பிழை தெரிந்த பிறகும் காலம் தாழ்த்துவது இந்த வாசலைத் திறந்து வைப்பதாகும்.

திருத்தத்துக்கு முன் பிழை எங்கே பிறந்தது என்று தாய்ப் பத்திரத்திலிருந்து தேடிவர வேண்டும். விற்றவர் வாங்கிய பத்திரத்திலேயே 121/3 என்று இருந்தால் கடைசிப் பத்திரத்தை மட்டும் திருத்திப் பயனில்லை. அவருடைய பத்திரப்படி அவரிடம் 112/3 இல்லையே! அப்போது பிழை முதலில் வந்த பத்திரத்தை அதன் தரப்பினரைக் கொண்டு திருத்தி, அங்கிருந்து வரிசையாகக் கீழே வர வேண்டும். சில சமயம் இரண்டு எண்ணுமே சரியாக இருக்கும். ஒன்று மறு நிலஅளவைக்கு முந்தைய பழைய எண், மற்றொன்று புதிய எண். பழைய எண்ணுக்குப் புதிய எண் எது என்று காட்டும் ஒப்பீட்டுப் பதிவு வருவாய்த் துறையில் இருக்கிறது. அதைப் பார்க்காமல் திருத்தப் போனால் சரியாக இருந்ததும் கெட்டுவிடும். பட்டா, அ-பதிவேடு, புல வரைபடம் மூன்றையும் வைத்து எண்ணை உறுதி செய்த பிறகே எழுத உட்கார வேண்டும்.

பிழைத்திருத்தல் பத்திரத்தில் மூலப் பத்திரத்தின் தேதி, ஆவண எண், ஆண்டு, பதிவான அலுவலகம் எல்லாம் குறிப்பிடப்படும். ‘சொத்து விவரத்தில் 121/3 என்று இருப்பது பிழை, 112/3 என்பதே சரி’ என்று தவறும் சரியும் அருகருகே எழுதப்படும். எல்லைகள், கிரையத்தொகை உள்ளிட்ட மற்ற ஷரத்துகளில் மாற்றமில்லை என்ற வாசகமும், திருத்திய சொத்து விவரம் முழுமையாகவும் இருக்க வேண்டும். மூலப் பத்திரத்தை எழுதிக்கொடுத்தவரும் எழுதிப்பெற்றவரும் சார்பதிவாளர் முன் மறுபடி வந்து கையெழுத்திட வேண்டும். எழுதிக்கொடுத்தவர் இறந்திருந்தால் வாரிசுச் சான்றின்படி அவருடைய வாரிசுகள் அனைவரும் வர வேண்டும். ஒருவர் விடுபட்டாலும் அவர் பங்கில் கேள்வி நிற்கும். பவர் ஏஜெண்டு விற்றிருந்து, பவர் கொடுத்தவர் பிறகு இறந்துவிட்டால் அந்தப் பவர் பொதுவாக அவரோடு முடிந்துவிடுகிறது. ஏஜெண்டு உயிரோடு இருக்கிறார் என்பதற்காக அவரிடம் கையெழுத்து வாங்கினால் அது செல்லாது. வாரிசுகளிடம்தான் போக வேண்டும்.

பதிவானதும் 112/3, 121/3 இரண்டு எண்களுக்கும் வில்லங்கம் போட்டுப் பார்ப்பது அவசியம். திருத்தம் இரண்டிலும் தெரிந்தால்தான் சரியான நிலத்தில் கிரையம் ஏறியதும், தவறான நிலத்துக்கு இனி தொடர்பில்லை என்பதும் விளங்கும். ஒன்றில் மட்டும் தெரிந்தால் அப்போதே சார்பதிவாளரிடம் சொல்லிச் சேர்க்கச் செய்ய வேண்டும். அதன் பிறகு பட்டா மாறுதலுக்கு விண்ணப்பிக்கலாம். சொத்து ஏற்கெனவே அடமானத்தில் இருந்தால் அடமான ஆவணத்திலும் அதே பிழை இருக்கும். வங்கிக்குத் தெரிவித்து அதையும் திருத்தியாக வேண்டும்.

பரப்பளவுப் பிழையில் கூடுதல் கவனம் வேண்டும். பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர், சதுர மீட்டர் என்ற வரிசையில் இருக்கும். 0.12.50 என்றால் பன்னிரண்டரை ஏர். ஓர் ஏர் ஏறக்குறைய 2.47 சென்ட் ஆவதால் அது கிட்டத்தட்ட 30.9 சென்ட் வரும். இதைப் பார்த்து பத்திரத்தில் 12.50 சென்ட் என்று எழுதிவிட்டால் பாதிக்கும் மேற்பட்ட நிலம் காகிதத்தில் காணாமல் போகும். இங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அன்று பேசி முடித்தது எது? நான்கு எல்லைக்குள் அடங்கிய நிலம் முழுவதையும் ஒரே விலைக்குப் பேசி, முழுவதையும் ஒப்படைத்திருந்தால் 12.50 என்பது எழுத்துப் பிழை, திருத்தலாம். சென்ட்டுக்கு இவ்வளவு என்று பேசிப் பன்னிரண்டரை சென்ட்டுக்கு மட்டும் பணம் கொடுத்திருந்தால் மிச்ச நிலம் இன்னும் விற்றவருடையது. அதைத் திருத்தம் என்ற பெயரில் சேர்க்க முடியாது; புதுக் கிரையம்தான் எழுத வேண்டும். பரப்பு கூடும் திருத்தங்களைச் சார்பதிவாளர் ஐயத்தோடு பார்ப்பதும், கூடும் பரப்புக்கு வழிகாட்டி மதிப்பின்படி முத்திரைத் தீர்வை கேட்பதும் இதனால்தான். கிரையத்தைத் திருத்தம் என்று எழுதித் தீர்வையைத் தவிர்க்கும் முயற்சிகள் நடப்பதால் அந்த எச்சரிக்கை நியாயமானதே. நில அளவர் அளந்து தந்த வரைபடத்தை இணைத்தால் பேச்சு சுருங்கும். சொத்தும் தொகையும் மாறாத எழுத்துப் பிழைகளுக்குச் செலவு குறைவு.

பெயர்ப் பிழை இவ்வளவு கடுமையானதல்ல. முதலெழுத்து மாறுவது, ‘ண’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ன’ வருவது போன்றவற்றால் யாருடைய உரிமையும் பறிபோவதில்லை. ஆள் ஒருவரே என்பது அடையாள ஆவணங்களால் விளங்கினால் போதும். ஆனாலும் தந்தை பெயரே மாறியிருந்தால் திருத்திவிடுவது நல்லது. பின்னாளில் வாரிசுகள் பட்டா மாற்றப் போகும்போது தடை அங்கேதான் வரும். பத்திரம் பதிவான பிறகு ஒருவர் அரசிதழ் வழியாகப் பெயர் மாற்றிக்கொண்டால் பத்திரத்தில் பிழை எதுவும் இல்லை. அன்றைய பெயர் அன்று சரிதான். அரசிதழ் நகலைப் பத்திரத்தோடு வைத்திருந்தால் போதும். வாங்கியவரை மாற்றி மனைவியின் பெயரை எழுதுவதும், ஒருவர் பெயரோடு இன்னொருவர் பெயரைச் சேர்ப்பதும் பெயர்த் திருத்தம் ஆகாது. அது உரிமையை மாற்றுவது. அதற்குத் தான செட்டில்மெண்டோ வேறு பத்திரமோ வேண்டும்.

விற்றவர் கையெழுத்திட மறுத்தால், அல்லது அதற்குத் தனியாகப் பணம் கேட்டு இழுத்தடித்தால், 1963ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வுச் சட்டம் 26ஆம் பிரிவின்படி உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். இரு தரப்புக்கும் பொதுவான தவறாலோ மோசடியாலோ பத்திரம் அவர்களின் உண்மையான எண்ணத்தைக் காட்டவில்லை என்று மெய்ப்பிக்க வேண்டும். முன்பணம் கொடுத்தபோது எழுதிய கிரைய ஒப்பந்தம், தாய்ப் பத்திரம், எல்லைகள், அனுபவத்தைக் காட்டும் வரி ரசீதுகள் ஆகியவை இங்கே பேசும். இடையில் நல்லெண்ணத்தோடு விலை கொடுத்து உரிமை பெற்ற மூன்றாம் ஆளைப் பாதிக்காத அளவில்தான் நீதிமன்றம் திருத்த முடியும். இத்தகைய வழக்குக்கு மூன்றாண்டுக் காலவரம்பும் உண்டு. பிழை தெரியவந்த நாள் அதில் முக்கியமாகிறது.

விற்றவர் உயிரோடும் நல்லுறவோடும் இருக்கும்போது ஒரே நாளில் முடியும் வேலை, அவர் காலத்துக்குப் பிறகு பல வாரிசுகளைத் தேடும் வேலையாகிவிடும். ஆகவே பத்திரம் வாங்கியவர்கள், பதிவான ஒரு மாதத்துக்குள் சரியான சர்வே எண்ணுக்கு வில்லங்கம் போட்டு, தங்கள் பெயர் அதில் வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.