ஆறு விழாத வழிகளை எண்ணுங்கள்

பகடையை நான்கு முறை உருட்ட வேண்டும். ஒரு தடவையாவது ஆறு விழுந்தால் உருட்டியவருக்கு வெற்றி. 17-ஆம் நூற்றாண்டு பிரான்சில் பணம் வைத்து ஆடிய ஆட்டம் இது. வெல்லும் வாய்ப்பு எவ்வளவு?

பலரும் உடனே கூட்டத் தொடங்குவார்கள். ஒரு வீச்சுக்கு ஆறில் ஒரு பங்கு என்றால், நான்கு வீச்சுக்கு ஆறில் நான்கு பங்கு. அப்படியானால் ஆறு முறை உருட்டினால் ஆறு விழுந்தே தீர வேண்டும். பகடை உருட்டிப் பார்த்த யாரும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

பிசகு எங்கே? இரண்டே வீச்சில் பார்த்துவிடலாம். மொத்தம் 36 விதமாக விழலாம். முதல் வீச்சில் ஆறு வருவது 6 விதம், இரண்டாவதில் வருவது 6 விதம், கூட்டினால் 12. ஆனால் இரண்டிலும் ஆறே விழும் ஒரு விதத்தை இரு முறை எண்ணிவிட்டோம். சரியான எண்ணிக்கை 11. நான்கு வீச்சுக்குப் போனால் இப்படி இரட்டிப்பவற்றைக் கழித்து மாளாது.

அதனால் எதிர்ப்பக்கத்தை எண்ணுவதே எளிது. ஆறு ஒரு தடவைகூட விழக் கூடாது என்றால் ஒவ்வொரு வீச்சிலும் மற்ற ஐந்து எண்களில் ஒன்று விழ வேண்டும். 5-ஐ நான்கு முறை பெருக்கினால் 625. மொத்த விதங்கள், 6-ஐ நான்கு முறை பெருக்க, 1296. கழித்தால் 671. வாய்ப்பு ஏறக்குறைய 51.8 சதவீதம். பாதிக்குச் சற்றே மேல், அவ்வளவுதான்.

'ஒரு தடவையாவது' என்பதன் எதிர்ப்பதம் 'ஒரு தடவைகூட இல்லை' என்பதே. 'எல்லா வீச்சிலும் ஆறு' என்று எடுத்துக்கொண்டால் அங்கேயே கணக்கு கெட்டுவிடும்.

செவாலியே தெ மெரே என்ற கனவானை உறுத்தியது இதற்கு அடுத்த ஆட்டம். இரண்டு பகடைகளைச் சேர்த்து உருட்டி, இரண்டிலும் ஆறு விழ வேண்டும். இங்கே ஒரு வீச்சுக்கு 36 விதங்கள். ஆறுக்கு நான்கு வீச்சு போதுமென்றால், அதே விகிதத்தில் 36-க்கு 24 வீச்சு போதும் என்பது அவர் எண்ணம். பாஸ்கல் 1654 ஜூலையில் ஃபெர்மாவுக்கு எழுதிய கடிதத்தில் இதைக் குறிப்பிடுகிறார். எதிர்ப்பக்கத்தை எண்ணினால் விடை கிடைக்கும்: 36-இல் 35 என்ற பின்னத்தை 24 முறை பெருக்கினால் சுமார் 0.509. வெல்லும் வாய்ப்பு 49.1 சதவீதம்தான். 25 வீச்சு கொடுத்தால் 50.6 ஆகிவிடும். ஒரே ஒரு வீச்சில் பந்தயம் கைமாறுகிறது.

இந்தப் பெருக்கலுக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒரு வீச்சு அடுத்த வீச்சைப் பாதிக்கக் கூடாது. 1 முதல் 6 வரை எழுதிய ஆறு சீட்டுகளில் நான்கை, திருப்பி வைக்காமல், ஒவ்வொன்றாக எடுத்தால் கதையே வேறு. ஒவ்வொரு முறையும் மிச்சச் சீட்டு குறைகிறது. ஆறு எழுதிய சீட்டு இரண்டு முறை வரவும் முடியாது. அங்கே ஆறில் நான்கு பங்கு என்ற அந்தக் கூட்டல் கணக்கே சரியான விடை.