நாற்பது டெஸ்க்கும் மூன்று கொட்டேஷனும்

“அண்ணே, பள்ளிக்கூடத்துக்கு பெஞ்ச் டெஸ்க் வேணும், ரேட் எவ்வளவு?” என்று நான்கு பட்டறைகளுக்குப் போன் போட்டால் நான்கு விலை வரும். ஒருவர் 4,900 என்பார், இன்னொருவர் 6,150 என்பார். குறைந்த விலைக்கு ஆர்டர் போட்டுவிடலாம் என்றுதான் தோன்றும். ஆனால் அந்த நால்வரும் மனதில் வைத்திருந்தது நான்கு வெவ்வேறு டெஸ்க். கேட்டவர் எந்த டெஸ்க் என்று சொல்லவில்லை, அவரவர் தமக்கு வசதியான டெஸ்க்குக்கு விலை சொன்னார்கள்.

ஒரு தனியார் பள்ளி, ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு இருவர் உட்காரும் டெஸ்க் 40 வாங்கப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஜூன் மாதம் பள்ளி திறக்கும். கொட்டேஷன் கேட்டு அனுப்பும் தாளில் முதலில் இருக்க வேண்டியது பொருளின் விவரம். “நல்ல தரமான ஸ்டீல் டெஸ்க்” என்று எழுதினால் பயனில்லை. அப்படி எழுதினால் தரம் இல்லாதது எது என்று நாளைக்கு யாராலும் காட்ட முடியாது. அளக்கக்கூடிய விதத்தில் எழுத வேண்டும். இப்படி:

“சட்டம் 1 அங்குலச் சதுர இரும்புப் பைப், சுவர் கனம் 1.6 மி.மீ., எந்த இடத்திலும் 1.5-க்குக் குறையக்கூடாது. மூட்டுகளில் சுற்றிலும் முழு வெல்டிங். பவுடர் கோட்டிங். மேற்பலகையும் இருக்கையும் 18 மி.மீ. பிளைவுட், மேலே 1 மி.மீ. மைக்கா, ஓரங்களில் பட்டை. டெஸ்க் நீளம் 42 அங்குலம், மேற்பலகை உயரம் 27 அங்குலம், இருக்கை உயரம் 16 அங்குலம். கால்களுக்கு ரப்பர் புஷ்.”

இதில் பைப்பின் கனம்தான் உயிர்நாடி. பட்டறைகளில் கனத்தை மில்லிமீட்டரில் சொல்ல மாட்டார்கள், கேஜில் சொல்வார்கள். கேஜ் எண் கூடக் கூட பைப் மெல்லிசாகும். 16 கேஜ் சுமார் 1.6 மி.மீ., 18 கேஜ் சுமார் 1.2 மி.மீ. பழக்கம் இல்லாதவருக்கு 18 உசத்தியாகத் தெரியும். பெயின்ட் அடித்த பிறகு இரண்டுக்கும் கண்ணால் வித்தியாசம் காண முடியாது. எடையில் தெரிந்துவிடும். 1.6 மி.மீ. பைப் ஒரு மீட்டர் ஏறக்குறைய 1.2 கிலோ நிற்கும், 1.2 மி.மீ. பைப் 900 கிராம் சொச்சம்தான். ஒரு டெஸ்க்குக்கு 12 மீட்டர் பைப் போகிறது என்றால் மூன்றரை கிலோ குறையும். நாற்பது டெஸ்க்கில் அது 140 கிலோ இரும்பு. விலை குறைவதன் ரகசியம் பெரும்பாலும் இந்த 140 கிலோவில்தான் இருக்கிறது. அதனால் “ஒரு டெஸ்க்கின் மொத்த எடை எவ்வளவு?” என்ற கேள்வியையும் தாளிலேயே சேர்த்துவிடுவது நல்லது.

அடுத்தது தேதி. “30 நாளில் சப்ளை” என்று எழுதித் தருவார்கள். எந்த நாளிலிருந்து 30? ஆர்டர் கொடுத்த நாளா, அட்வான்ஸ் வங்கியில் ஏறிய நாளா, மாதிரி டெஸ்க்குக்கு நீங்கள் சம்மதம் சொன்ன நாளா? இந்தக் குழப்பத்தில் பத்துப் பதினைந்து நாள் சுலபமாகக் கரையும். நாட்கணக்கை விட்டுவிட்டு, “மே 25-க்குள் 40 டெஸ்க்கும் பள்ளி வளாகத்தில் இறக்கி, வகுப்பறைகளில் வைத்துத் தர வேண்டும்” என்று தேதியும் இடமும் போட்டு எழுதலாம். இறக்கும் கூலி யார் தலையில் என்ற சண்டையும் அதிலேயே தீர்ந்துவிடும்.

பதிலை அவரவர் லெட்டர்ஹெட்டில் அவரவர் பாணியில் எழுத விட்டால் ஒப்பிடுவது பெரும் பாடு. ஒருவர் வரியைச் சேர்த்து எழுதுவார், இன்னொருவர் கடைசி வரியில் பொடி எழுத்தில் “வரி தனி” என்பார். காலிக் கட்டங்கள் போட்ட ஒரே படிவத்தை எல்லோருக்கும் அனுப்பி, அதில் நிரப்பித் தரச் சொல்ல வேண்டும். ஒரு டெஸ்க் விலை, வண்டி வாடகையும் இறக்குகூலியும், ஜிஎஸ்டி, வளாகத்தில் வந்து சேரும் மொத்தத் தொகை, தரும் தேதி, அட்வான்ஸ் எத்தனை சதவீதம், விலை எதுவரை செல்லும், உத்தரவாதம் எவ்வளவு காலம். கடைசியாக ஒரு கட்டம்: “நாங்கள் கேட்டதிலிருந்து எதை மாற்றுகிறீர்கள்?” படிவத்திலேயே முக்கியமான கட்டம் இதுதான் என்பேன். மாற்றித் தருவது குற்றமில்லை. சொல்லாமல் மாற்றுவதுதான் வம்பு.

மூன்று பதில்கள் வந்தன என்று கொள்வோம். முதலாமவர்: டெஸ்க் 5,200, வண்டி வாடகை 8,000, ஜிஎஸ்டி 18 சதவீதம் தனி. இரண்டாமவர்: எல்லாம் சேர்த்து 6,150. மூன்றாமவர்: 4,900, வாடகை இல்லை, ஜிஎஸ்டி தனி, மாற்றக் கட்டத்தில் “18 கேஜ் பைப்” என்று எழுதியிருக்கிறார்.

முதலாமவருடையதைக் கூட்டினால் டெஸ்க்குக்கு 2,08,000, வாடகையோடு 2,16,000. வாடகையை அவரே பில்லில் சேர்ப்பதால் அதற்கும் 18 சதவீத வரி உண்டு. மொத்தம் 2,54,880, டெஸ்க் ஒன்றுக்கு 6,372. இரண்டாமவர் 2,46,000. மூன்றாமவர் 2,31,280 என்று முன்னால் நிற்கிறார், ஆனால் அவர் தருவது வேறு டெஸ்க். 1.6 மி.மீ. பைப்புக்கு விலை சொல்லுங்கள் என்று திரும்பக் கேட்டதும் 5,350 என்கிறார், வரியோடு 2,52,520. முதலில் கேட்டபோது அதிக விலை சொன்னவராகத் தெரிந்த இரண்டாமவர்தான் மூவரில் குறைவு.

வரியைச் சேர்த்து ஒப்பிட்டதற்குக் காரணம் உண்டு. பள்ளி கட்டிய ஜிஎஸ்டியைக் கழித்துக்கொள்ள வழியில்லை. அது முழுக்கச் செலவுதான். கட்டிய வரியைத் தன் வரியில் கழித்துக்கொள்ளும் வியாபார நிறுவனம் என்றால் வரிக்கு முந்தைய தொகையை வைத்து ஒப்பிடலாம். அப்போது வரிசை மாறவும் கூடும்.

யாரிடம் கேட்பது என்பதிலும் கவனம் வேண்டும். ஊரில் மூன்று ஃபர்னிச்சர் கடைகளில் கேட்டுவிட்டு மூன்று கொட்டேஷன் வாங்கிவிட்டேன் என்பார்கள். மூன்று கடைக்கும் சரக்கு ஒரே பட்டறையிலிருந்து வந்தால் அது ஒரு கொட்டேஷன்தான். செய்பவர்கள் இரண்டு பேராவது பட்டியலில் இருக்கட்டும். ஒருவர் சந்தேகம் கேட்டுப் போன் செய்தால், சொன்ன பதிலை மற்றவர்களுக்கும் எழுதி அனுப்பிவிட வேண்டும். ஒருவர் விலையை இன்னொருவரிடம் சொல்லிப் பேரம் பேசும் பழக்கம் நம்மிடம் நிறைய. அடுத்த வருஷம் அவர்கள் முதல் விலையையே ஏற்றிச் சொல்வார்கள், பேரத்துக்கு இடம் வைத்து. (அரசுப் பள்ளி, அரசு அலுவலகங்களின் கொள்முதல் வேறு கதை, அதற்குத் தமிழ்நாட்டில் 1998-ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளிச் சட்டமும் விதிகளும் இருக்கின்றன.)

ஆர்டர் கொடுக்கும்போது நிரப்பிய படிவத்தையே ஆர்டரோடு இணைத்து, முதலில் ஒரே ஒரு மாதிரி டெஸ்க் செய்து காட்டச் சொல்லலாம். அதை எடை போட்டுக் குறித்துக்கொண்டு, கையெழுத்துப் போட்டுப் பள்ளியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மே மாதம் லாரி வரும்போது நாலைந்து டெஸ்க்கை எங்காவது நடுவிலிருந்து எடுத்துத் தராசில் ஏற்றுங்கள். மாதிரியின் எடைக்கு ஓரிரு கிலோ குறைந்தாலே பைப் மாறிவிட்டது என்று சந்தேகப்படலாம். ஒரு காலின் ரப்பர் புஷ்ஷைக் கழற்றி, பைப்பின் வாயில் வெர்னியர் வைத்தால் உறுதியாகிவிடும். பாக்கிப் பணத்தை அதன் பிறகு கொடுத்தால் போதும்.