ஒரு சோறு பதமாகுமா? நட்சத்திர மதிப்பீடுகளை எடைபோடும் முறை

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் பழமொழி. சமையலறையில் அது பொய்ப்பதில்லை. ஒரே பானையில், ஒரே நீரில், ஒரே தீயில் வெந்த அரிசி முழுவதும் ஏறத்தாழ ஒரே பக்குவத்தில் இருக்கும். ஆகவே, ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்தே பானை முழுவதையும் அறிந்துகொள்கிறோம். கைப்பேசித் திரையில் ஓர் உணவகத்தின் பெயருக்குக் கீழே காணப்படும் நட்சத்திரங்களையும் நாம் பெரும்பாலும் இவ்வாறே வாசிக்கிறோம். அவ்வாசிப்பு எங்கே பிழைபடுகிறது என்பதையும், அதை எளிய கணக்கால் எவ்வாறு திருத்தலாம் என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். ‘அ’ என்னும் உணவகத்தை மூவர் மதிப்பிட்டுள்ளனர். மூவரும் ஐந்து நட்சத்திரம் அளித்துள்ளனர். அதன் சராசரி 5.0. ‘ஆ’ என்னும் உணவகத்தை 120 பேர் மதிப்பிட்டுள்ளனர். அதன் சராசரி 4.6. சராசரியின்படி வரிசைப்படுத்தினால் ‘அ’ முதலிடம் பெறும். அந்த முதலிடத்தை நம்பலாமா?

முழு மதிப்பெண் எங்கிருந்து வருகிறது?

நடுத்தரமான ஓர் உணவகத்தை எண்ணிப் பார்ப்போம். அங்கு உண்போருள் நூற்றுக்கு 60 பேர் ஐந்தும், 15 பேர் நான்கும், 10 பேர் மூன்றும், 5 பேர் இரண்டும், 10 பேர் ஒன்றும் அளிப்பர் எனக் கொள்வோம். மொத்தப் புள்ளிகள் 410. எனவே, அவ்வுணவகத்தின் உண்மையான தரம் 4.1.

இப்போது அங்கு உண்டவர்களுள் எவரேனும் மூவர் மட்டுமே மதிப்பிடுகின்றனர். மூவரும் ஐந்து அளிப்பதற்கான வாய்ப்பு என்ன? 0.6 × 0.6 × 0.6 = 0.216. அதாவது, இத்தகைய நடுத்தர உணவகங்கள் நூறு இருந்தால், அவற்றுள் ஏறத்தாழ 22 உணவகங்கள் 5.0 என்னும் முழுச் சராசரியுடன் காட்சியளிக்கும். அவை சிறந்தவை என்பதால் அன்று. முதல் மூவர் அவ்வாறு அமைந்தனர் என்பதால்தான். 120 பேரும் ஒருவர் தவறாமல் ஐந்து அளிப்பதோ நடைமுறையில் நிகழாத ஒன்று.

இதே காரணத்தால் பட்டியலின் அடிப்பகுதியிலும் அநீதி நிகழ்கிறது. அந்த நூறு உணவகங்களையும் ஒவ்வொருவர் மட்டுமே மதிப்பிட்டிருந்தால், ஏறத்தாழ 60 உணவகங்கள் 5.0 என்றும், 10 உணவகங்கள் 1.0 என்றும் தோன்றும். தரத்தில் அவை அனைத்தும் ஒன்றே. எனினும், நேற்றுத் திறக்கப்பட்ட ஒரு கடையின் முதல் வாடிக்கையாளர் மனநிறைவின்றிச் சென்றால், அக்கடை கடைசி இடத்திற்குத் தள்ளப்படுகிறது. வாடிக்கையாளர் வராவிடின் அடுத்த மதிப்பீடும் வராது. அந்த ஒற்றை மதிப்பீடே நிலைத்துவிடும். பட்டியலின் உச்சியிலும் அடியிலும் குறைந்த மதிப்பீடு பெற்றவையே குவிந்து கிடந்தால், அது தரத்தின் வரிசை அன்று, தற்செயலின் வரிசை என்று அறியலாம்.

முன்மதிப்பீட்டைச் சேர்த்தல்

இதற்குரிய தீர்வு, நாம் ஏற்கெனவே அறிந்த ஒன்றைக் கணக்கிற்குள் கொண்டுவருவதாகும். ஒருவரும் மதிப்பிடாத ஓர் உணவகத்தைப் பற்றி நாம் என்ன எதிர்பார்ப்போம்? அவ்வூர் உணவகங்களின் பொதுச் சராசரியைத்தான் எதிர்பார்ப்போம். அது 4.1 எனக் கொள்வோம். ஒவ்வோர் உணவகத்திற்கும் அப்பொதுச் சராசரியை அளித்த பத்துப் பேர் தொடக்கத்திலேயே இருப்பதாகப் பாவித்துக்கொள்ள வேண்டும். பின்னர், உண்மையான மதிப்பீடுகளை அவற்றோடு கூட்ட வேண்டும்.

திருத்திய சராசரி = (பெற்ற புள்ளிகள் + 10 × 4.1) ÷ (மதிப்பிட்டோர் + 10)

- ‘அ’ உணவகம்: (15 + 41) ÷ 13 = 4.31
- ‘ஆ’ உணவகம்: (552 + 41) ÷ 130 = 4.56
- ஒரே ஒருவரிடம் ஒரு நட்சத்திரம் பெற்ற புதிய கடை: (1 + 41) ÷ 11 = 3.82

வரிசை மாறிவிட்டது. மூவரின் பாராட்டு ‘அ’ உணவகத்தைப் பொதுச் சராசரிக்குச் சற்று மேலே உயர்த்துகிறது; அதற்குமேல் உயர்த்த அதற்கு வலுவில்லை. ‘ஆ’ உணவகமோ 4.6இலிருந்து இம்மியளவே நகர்ந்தது. 120 பேரின் சான்றை அந்தப் பத்துப் பேரால் அசைக்க இயலவில்லை. புதிய கடையும் 1.0 என்னும் பாதாளத்திலிருந்து மீட்கப்படுகிறது. சான்று பெருகப் பெருக, முன்மதிப்பீட்டின் செல்வாக்குத் தானே தேய்ந்துவிடும். இவ்வகைச் சராசரியைப் பேய்சியச் சராசரி என்பர். 1763இல், அவர் மறைந்தபின் வெளியான கட்டுரையால் அறியப்பட்ட தாமஸ் பேய்ஸ் என்பாரின் பெயரால் அது வழங்குகிறது.

ஏன் பத்து?

மாணவர் எழுப்ப வேண்டிய வினா இதுவே. பத்து என்பது தன்னிச்சையான எண்ணன்று. இரண்டு வேறுபாடுகளின் விகிதத்திலிருந்து அது பிறக்கிறது. ஒரே உணவகத்தில் உண்டவர்களின் கருத்துகள் தம்முள் எவ்வளவு வேறுபடுகின்றன என்பது ஒன்று. உணவகங்களின் உண்மையான தரம் தம்முள் எவ்வளவு வேறுபடுகிறது என்பது மற்றொன்று. முதலாவதை இரண்டாவதால் வகுக்க வேண்டும். மேலே கண்ட நூறு பேரின் மதிப்பீடுகளில் மாறுபாட்டெண், அதாவது சராசரியிலிருந்து விலகும் அளவுகளின் வர்க்கச் சராசரி, ஏறத்தாழ 1.8. உணவகங்களின் தரம் பொதுச் சராசரியிலிருந்து 0.4 அளவுக்கு விலகுவது இயல்பு எனக் கொண்டால், அதன் வர்க்கம் 0.16. 1.8ஐ 0.16ஆல் வகுத்தால் ஏறத்தாழ 11 கிடைக்கும்.

இப்போது பழமொழிக்குத் திரும்புவோம். ஒரே பானையின் பருக்கைகளுக்கிடையே வேறுபாடு இல்லை என்றே சொல்லலாம். அங்கே இவ்விகிதம் சுழியை நெருங்குகிறது. ஆகவே ஒரு சோறே பதமாகிறது. உண்போரின் சுவையும் எதிர்பார்ப்பும் ஆளுக்கு ஆள் வேறுபடுவதால், உணவகத்திற்கு ஒருவர் பதமாவதில்லை.

துல்லியமான எண் தெரியாவிடில், எண்ணை மாற்றி மாற்றிச் சோதித்துப் பார்க்கலாம். நம் எடுத்துக்காட்டில், முன்மதிப்பீட்டாளர் எண்ணிக்கை இரண்டரைக்கு மேல் எதுவாயினும் ‘ஆ’ உணவகமே முந்துகிறது. ஆகவே, பத்தா, பதினொன்றா என்னும் ஐயம் முடிவைப் பாதிப்பதில்லை. நோக்கத்தைப் பொறுத்தும் இவ்வெண் மாறும். ஐஎம்டிபி திரைப்படத் தளம் தன் முதல் 250 படங்களின் பட்டியலுக்கு இவ்வாய்பாட்டை அறிவித்தபோது, 25,000 என்னும் பேரெண்ணை ஒரு காலத்தில் கொண்டிருந்தது. பரவலாகப் பார்க்கப்பட்ட படங்களே இடம்பெற வேண்டும் என்பது அதன் நோக்கம்.

இக்கணக்கு செய்யாதவை

இம்முறை தற்செயலைத் திருத்துமேயன்றிச் சார்பைத் திருத்தாது. 120 பேருள் பெரும்பாலோர் உரிமையாளரின் உறவினராயின், எண்ணிக்கை மிகுதி பிழையை உறுதிப்படுத்தவே செய்யும். சமையற்காரர் மாறிய பின்னர்ப் பழைய மதிப்பீடுகள் வேறொரு கடையைப் பற்றியவை ஆகிவிடும். எனவே, சராசரியோடு ஐந்து முதல் ஒன்று வரையிலான பங்கீட்டையும் மதிப்பீடுகளின் தேதியையும் காண்பது நன்று. பொதுச் சராசரியையும் ஒத்தவற்றிலிருந்தே எடுக்க வேண்டும். உணவகத்தை நூல்களின் சராசரியோடு சேர்த்தல் பொருந்தாது.

இறுதியாக ஒன்று. ‘அ’ உணவகத்தின் 4.31 அதன் குறையைக் காட்டும் எண்ணன்று. அதைப் பற்றி நாம் இன்னும் அறியாததைக் காட்டும் எண். அது ‘ஆ’ உணவகத்தைவிடச் சிறந்ததாகவும் இருக்கலாம். அதை அறிய, இன்னும் சிலர் அங்கு உண்டு மதிப்பிட வேண்டும்.