மூன்றாவது மூச்சு

போன ஞாயிற்றுக்கிழமை தங்கை மகள் ஒரு சிறுகதையை எழுதிக்கொண்டு வந்தாள். நான்கு பக்கம். மாம்பலம் ரயில் நிலையத்தில், சாயங்காலக் கூட்டத்தில் நிற்கும் ஒருத்திக்குச் செத்துப்போன அம்மாவின் தலைக்கெண்ணெய் வாசனை வருகிறது. அதுதான் கதை. “எங்கேயோ பொய்யா இருக்கு பெரியம்மா. எதுன்னு பிடிபடலை” என்றாள். டீ போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தோம்.

பொய் முதல் பத்தியிலேயே இருந்தது. காற்றில் அம்மாவின் எண்ணெய் வாசனை வந்தது, உடனே அம்மா முகம் தெரிந்தது, பிறகு கண் கலங்கியது என்று எழுதியிருந்தாள். முதலில் பெயர், அப்புறம் முகம், கடைசியில் அழுகை. மூக்கு இந்த வரிசையில் வேலை செய்வதில்லை.

சொன்னால் நம்ப மாட்டாள் என்று கண்ணை மூடச் சொல்லி, அடுப்படியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துவந்து நீட்டினேன். முகர்ந்ததும் அவள் முகம் மாறியது. “ஐயோ, தெரியும் எனக்கு இது. பாட்டி வீடு. பின்கட்டு. வயித்து வலி…” என்று கொஞ்ச நேரம் தடுமாறிவிட்டு, “ஓமம்!” என்றாள். இடம் வந்தது, வலி வந்தது, பெயர்தான் கடைசியாக வந்தது.

மூளைக்குப் போகும் பாதை அப்படி அமைந்திருக்கிறது. கண்ணும் காதும் அனுப்பும் செய்திகள் தலாமஸ் என்கிற நடு நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து மேலே போகின்றன. வாசனை அங்கே இறங்குவதில்லை. மூக்கின் கூரையில் இருக்கும் நரம்புகள் சல்லடை மாதிரியான ஓர் எலும்பைத் தாண்டி உள்ளே போகின்றன. எலும்புக்கு மேலேயே முகர்வுக் குமிழ் என்கிற சின்ன உறுப்பு இருக்கிறது. குமிழிலிருந்து, உணர்ச்சிகளோடு தொடர்புள்ள அமிக்டலாவுக்கும், நினைவைச் சேர்த்து வைக்கும் பகுதியின் வாசலுக்கும் நேராகவே வழி உண்டு. சொல்லைத் தேடும் இடம் எங்கேயோ தள்ளி இருக்கிறது. அதனால் உன் கதாநாயகிக்கு முதலில் தொண்டை அடைக்க வேண்டும், ஏன் என்று அவளுக்கே தெரியக் கூடாது என்றேன்.

“ப்ரூஸ்ட் எழுதினதும் இதுதானே?” என்று கேட்டாள். தேநீரில் நனைத்த கேக்கைத் தின்றதும் பிள்ளைப் பருவம் முழுக்கத் திரும்பி வந்துவிட்டது என்றுதான் பலரும் சொல்கிறார்கள். 1913இல் வந்த அவர் நாவலின் முதல் பாகத்தைப் படித்தால் வேறு மாதிரி இருக்கிறது. முதல் வாயில் கதைசொல்லிக்குக் காரணமில்லாத சந்தோஷம் வருகிறது. இரண்டாம் வாயில் அதற்கு மேல் ஒன்றுமில்லை. மூன்றாம் வாயில் அதைவிடக் குறைவு. குடிப்பதை நிறுத்திவிட்டு, மனதை வேறு பக்கம் திருப்பி, மறுபடி மறுபடி முயன்று, வெகுநேரம் கழித்துத்தான் அத்தையின் அறை ஞாபகம் வருகிறது. அந்த இரண்டாம் வாயையும் மூன்றாம் வாயையும் எழுதியதற்காகவே எனக்கு அந்த எழுத்தாளர்மேல் பெரிய மதிப்பு.

அந்தச் சரிவு மூக்கிலும் அப்படியே நடக்கிறது. ஒரே வாசனையைத் தொடர்ந்து முகர்ந்தால் சில மூச்சுகளிலேயே அது மங்கத் தொடங்கும். பூக்கடைக்காரருக்குத் தன் கடை மல்லிகை தெரியாமல் போவது இதனால்தான். இவள் கதையிலோ அந்தப் பெண் வாசனையை “ஆழ இழுத்து இழுத்து” ஒரு பக்கம் முழுக்க அனுபவிக்கிறாள். நிஜத்தில் இழுக்க இழுக்கத் தேய்ந்துவிடும். திரும்ப வேண்டுமானால் தள்ளிப் போய் வேறு காற்றைச் சுவாசித்துவிட்டு வர வேண்டும். “அப்போ அவ ரயிலை விட்டுடுவாளா?” என்று அவள்தான் கேட்டாள். கதைக்கு அதுவரை நிகழ்ச்சி என்று ஒன்றுமே இல்லை. அந்தக் கேள்வியில்தான் ஒன்று கிடைத்தது.

அடுத்தது எண்ணெய். வெறுமே “அம்மாவின் எண்ணெய்” என்று எழுதியிருந்தாள். கடையில் வாங்கிய தேங்காயெண்ணெய் என்றால் மாம்பலத்தில் பாதித் தலையில் அதே வாசனைதான் வரும், அவள் தினமும் அழ வேண்டியிருக்கும். ஓர் எண்ணெய் ஒருத்தியுடையது என்று தெரிய வேண்டுமானால் அதில் அவள் கைப்பழக்கம் இருக்க வேண்டும். “பாட்டி எப்படிக் காய்ச்சுவாங்க?” என்றாள்.

என் அம்மா ஒரு லிட்டர் செக்கெண்ணெய்க்குக் கால் லிட்டர் கரிசலாங்கண்ணிச் சாறு ஊற்றுவாள், ஒரு பிடி கறிவேப்பிலை போடுவாள். சின்னத் தீ. சாறு விழுந்ததும் எண்ணெய் சலசலக்கும். ஈரம் போகப் போகச் சத்தம் அடங்கும். அடங்கியதை அவள் நம்ப மாட்டாள். திரியை எண்ணெயில் நனைத்துக் கொளுத்துவாள். படபடவென்று பொரிந்தால் இன்னும் தண்ணீர் இருக்கிறது. அப்படியே இறக்கினால் கொஞ்ச நாளில் சிக்கு வாடை அடித்துவிடும். நின்று எரிந்தால் இறக்கி, சூட்டோடு ஒரு கொத்து வெட்டிவேரைப் போட்டு மூடுவாள்.

இதெல்லாம் எல்லா வீட்டிலும் உண்டு. அவளுக்கே உரியது வெந்தயம். இரண்டு ஸ்பூன் வெந்தயத்தை இரும்புச் சட்டியில் வறுப்பாள், ஒவ்வொரு தடவையும் கருக விட்டுவிடுவாள். வெந்தயத்தில் காய்ந்த சர்க்கரைப் பாகு போல மணக்கும் சோட்டலான் என்கிற பொருள் இருக்கிறது. அது துளியினும் துளி இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். அந்தப் பாகு மணமும் கருகலும் எண்ணெயில் தங்கிவிடும். வெட்டிவேர் மணம் மெல்லத்தான் ஆவியாகும் என்பதால் காலையில் தடவியது சாயங்காலமும் தலையில் நிற்கும். நாங்கள் சின்ன வயதில் கருகலுக்காக அம்மாவைக் கடிந்துகொண்டிருக்கிறோம். இப்போது அந்தத் தப்பு இல்லாமல் அவள் எண்ணெயை என்னால் காய்ச்ச முடியவில்லை. வேண்டுமென்றே கருக்கினாலும் அளவு தவறிவிடுகிறது.

இதை அவள் எழுதிக்கொண்டிருந்தாள். நான் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டு வந்தேன்.

நிற்கும் இடத்தையும் மாற்றச் சொன்னேன். நடைமேடையில் எங்கேயோ நின்றால் இன்னொருத்தி கூந்தல் மூக்குக்கு எட்டாது. பெண்கள் பெட்டி வந்து நிற்கும் இடத்தில், வண்டி வரும் நேரத்தில், எல்லோரும் முன்னால் நெருங்கும்போது எட்டும். வாசனை எந்தத் தலையிலிருந்து வருகிறது என்று அந்த நெருக்கத்தில் சொல்ல முடியாது. வண்டி தள்ளிக்கொண்டு வரும் காற்று இருக்கிற மணத்தையும் கலைத்துவிடும். அதனால் அந்த இன்னொருத்தி முகத்தை அவள் கடைசியில் பார்ப்பதாக எழுதியிருந்ததை அடிக்கச் சொன்னேன். அதற்கு மட்டும் அவள் கொஞ்சம் வாதாடினாள்.

இருட்டும் நேரத்தில் முதல் பத்தியைத் திருப்பி எழுதிக் காட்டினாள்:

“தாம்பரம் வண்டி வரும் சத்தம் கேட்டது. எல்லோரும் ஓரடி முன்னால் நகர்ந்தார்கள். அவளுக்குத் திடீரென்று யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்தது. திரும்பினாள். யாரும் கூப்பிடவில்லை. தொண்டை ஏன் அடைக்கிறது? மறுபடி மூச்சை இழுத்தாள். எதுவோ கருகியிருந்தது. அடுப்பில் எதையாவது வைத்துவிட்டு வந்தோமா என்று பதறினாள். மூன்றாவது மூச்சில் அதுவும் இல்லை. கதவு வந்து நின்றது. பின்னால் இருந்தவள் இடித்தாள். அவள் ஏறவில்லை. கூட்டத்துக்கு எதிராக நடந்து, தண்ணீர்க் குழாய் வரைக்கும் போய், நின்று, திரும்பி வந்தாள்.”

“‘வெந்தயம்’ங்கற வார்த்தையை எங்கே போடட்டும்?” என்று கேட்டாள். அவள் திரும்பி வந்தபிறகு, வண்டி போனபிறகு என்றேன்.